ரோலரை மாற்றிய பிறகும் தாள்கள் சேர்ந்தே போவது ஏன்?

கேள்வி: ஐயா, நான் நாகப்பட்டினத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். பழைய கடன் கோப்புகளை ஸ்கேன் செய்து வருகிறோம். எங்கள் ஸ்கேனரில் அடுக்கிய தாள்களை ஒவ்வொன்றாகத் தானே உள்ளே இழுக்கும் ஏடிஎஃப், புதிய தாளைப் போட்டால் இழுக்க மறுத்தது. பழைய தாளைப் போட்டால் இரண்டு மூன்றாகச் சேர்த்து இழுத்தது. ரோலர் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்றை வரவழைத்து நானே மாற்றினேன். இப்போது புதிய தாள் நன்றாகப் போகிறது. பழைய தாள் மட்டும் முன்பைவிட அதிகமாகச் சேர்ந்து போகிறது. எனக்குக் கிடைத்தது போலி ரோலரா? இயந்திரத்தையே மாற்ற வேண்டுமா?

பதில்: அந்த ரோலர் போலி என்று நினைக்க இதுவரை காரணம் எதுவும் இல்லை. மறுத்துக்கொண்டிருந்த புதிய தாளை அது இழுக்கத் தொடங்கியிருப்பதே, தன் வேலையை அது செய்கிறது என்பதற்குப் போதிய சான்று. இயந்திரத்தை மாற்றும் யோசனையையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, ரோலருக்கு நேர் எதிரே ஒரு சிறிய சுருள்வில்லின் மேல் அமர்ந்து ரோலரை அழுத்திக்கொண்டிருக்கும் செபரேஷன் பேடு. ரோலர் தாளை இழுக்கிறது; பேடு அடுத்த தாளைத் தடுக்கிறது. இழுக்கும் பொருள் புதிதாகி, தடுக்கும் பொருள் பழையதாகவே நின்றுவிட்டது. உங்கள் சிக்கல் அவ்வளவுதான் என்று நான் கருதுகிறேன். இருந்தாலும் என் சொல்லை நம்பி உடனே பொருள் வாங்கிவிடாமல், கீழே சொல்லும் சோதனைகளைச் செய்து பார்த்து முடிவுக்கு வாருங்கள்.

தட்டில் அடுக்கிய இருபது தாள்களில் ஒன்று மட்டும் உள்ளே போக வேண்டுமென்றால், அங்கே மூன்று பிடிப்புகள் ஒரு வரிசையில் அமைந்திருக்க வேண்டும். ரோலரின் ரப்பருக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிடிப்பு எல்லாவற்றிலும் அதிகமாக இருக்க வேண்டும். பேடுக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிடிப்பு அதற்கு அடுத்ததாக இருக்க வேண்டும். தாளுக்கும் தாளுக்கும் இடையே உள்ள பிடிப்புதான் மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்த வரிசை குலையாத வரையில், ரோலர் தன்னைத் தொடும் தாளை இழுத்துக்கொண்டு போகும். அதோடு ஒட்டிக்கொண்டு வரப் பார்க்கும் இரண்டாவது தாளைப் பேடு பிடித்து நிறுத்திவிடும். தாள் ஒன்றே ஒன்றாக வரும்போதும் பேடு அதைத் தடுக்கத்தான் பார்க்கிறது. ஆனால் ரோலரின் பிடிப்பு அதைவிட அதிகம் என்பதால் தாள் போய்விடுகிறது. இதில் மின்னணு நுட்பம் எதுவும் இல்லை. முழுக்க முழுக்க உராய்வின் கணக்கு.

இந்தக் கணக்கை வைத்து உங்கள் இயந்திரத்தின் நடத்தையைப் பாருங்கள். புதிய காப்பியர் தாள் வழவழப்பானது. அதன் மேல் சுண்ணாம்புப் பொடியைப் போன்ற மெல்லிய துகளும் இருக்கும். உங்கள் பழைய ரோலர் இறுகி வழுவழுவென்று ஆகிவிட்டிருந்ததால், அந்தத் தாளின் மேல் வழுக்கியது, தாள் அசையவில்லை. பழைய கோப்புத் தாள் சொரசொரப்பானது. கடலோரக் காற்றில் ஈரமும் ஏறியது. அதை அதே ரோலர் ஓரளவு பிடித்தது. ஆனால் சொரசொரப்பும் ஈரமும் உள்ள தாள்கள் ஒன்றை ஒன்றும் இறுகப் பிடிக்கும். தேய்ந்த பேடால் அந்தப் பிடிப்பைப் பிரிக்க முடியவில்லை. ஆக, உங்கள் இயந்திரத்தில் தொடக்கத்திலிருந்தே இரண்டு பழுதுகள் இருந்தன. ரோலர் அடிக்கடி வழுக்கி நின்றதால் பேடின் பழுது பாதி மறைந்து கிடந்தது. புதிய ரோலர் ஒவ்வொரு முறையும் தவறாமல் முதல் தாளை இழுக்கிறது. ஒவ்வொரு முறையும் இரண்டாவது தாள் கூடவே வரப் பார்க்கிறது. அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் தடுப்பு இல்லை. ரோலர் மாற்றிய பின் நிலைமை மோசமானதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

பேடு உள்ள சிறிய மேசை ஸ்கேனர்கள் சிலவற்றின் கையேட்டைப் பார்த்தால், பேடுக்கு 50,000 தாள், ரோலருக்கு 1,00,000 தாள், அல்லது இரண்டுக்கும் ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்று ஆயுள் குறித்திருப்பார்கள். உங்கள் இயந்திரத்தின் கணக்கு வேறாக இருக்கலாம். ஆனால் பேடு ரோலரைவிட முன்னதாகத் தேய்வது இயல்பு. ரோலர் சுழல்வதால் அதன் சுற்றளவு முழுவதும் தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்கிறது; பேடோ அசையாமல் ஒரே இடத்தில் ஒவ்வொரு தாளின் உரசலையும் தாங்குகிறது. எனவே ரோலர் தேய்ந்துவிட்டது என்று நீங்கள் முடிவு செய்த நாளிலேயே பேடின் காலம் முடிந்து வெகுநாள் ஆகியிருக்கும். ரோலரை மட்டும் வாங்குகிறேன் என்று வருகிறவர்களிடம் நான் எப்போதும் இரண்டையும் சேர்த்தே வாங்கச் சொல்வது இதனால்தான்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில், கட்டுப் பிரிக்காத 75 ஜிஎஸ்எம் தாள் ரீம் ஒன்றிலிருந்து ஒரே ஒரு தாளை எடுத்து, பத்து முறை அதையே திரும்பத் திரும்பச் செலுத்துங்கள். பத்து முறையும் தடங்கலின்றிப் போனால் ரோலரைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். இடையில் ஓரிரு முறை தயங்கினாலோ, ரோலர் சுழலும் ஓசை கேட்டும் தாள் நகராமல் நின்றாலோ, ரோலர் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ரோலர்களின் நடுவில் ஒரு பக்கம் மட்டும் தடையின்றிச் சுழலும் அமைப்பு இருக்கும். அதைத் திருப்பி மாட்டிவிட்டால் அச்சு சுழலும், ரப்பர் சுழலாது. கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் விடுகிறது, எந்தப் பக்கம் பிடிக்கிறது என்பது தெரியும். பழைய ரோலரைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தால் அதன் அருகில் வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்து அதே ரீமிலிருந்து இருபது தாள்களை எடுத்து, இரு ஓரங்களையும் பிடித்து நன்றாக விசிறிவிட்டு, மேசையில் தட்டிச் சீராக்கி வையுங்கள். இருபதும் தனித்தனியாகப் போனால் பேடு இன்னும் ஓரளவு உயிருடன் இருக்கிறது. உங்கள் கோப்புத் தாளின் நிலைதான் முதன்மையான காரணம். புதிய தாளிலேயே ஒன்றிரண்டு முறை சேர்ந்து போனால் பேடைப் பற்றி மேற்கொண்டு ஐயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், கண் போதும். இரண்டு தாள்கள் சேர்ந்து போகும் தறுவாயில் மூடியைத் திறந்து இயந்திரத்தை நிறுத்தி, அவை எப்படிக் கிடக்கின்றன என்று பாருங்கள். படிக்கட்டுப் போல முதல் தாள் முன்னும் இரண்டாவது தாள் சில சென்டிமீட்டர் பின்னுமாகக் கிடந்தால், இரண்டாவது தாள் பேடைத் தாண்டி வழுக்கி வந்திருக்கிறது; தடுப்பு போதவில்லை என்று பொருள். இரண்டு தாள்களின் முன் ஓரமும் ஒரே கோட்டில் கச்சிதமாகக் கிடந்தால், அவை இயந்திரத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஒட்டிக்கொண்டிருந்தன: பின் குத்திய ஓட்டையின் பிசிறோ, மடிந்த முனையோ, பசையோ, காய்ந்த ஈரமோ அவற்றை ஒன்றாகக் கட்டியிருக்கும். அப்படிப்பட்ட தாள்களை எந்தப் புதுப் பேடாலும் பிரிக்க முடியாது. எங்கள் தொழிலில் இந்த ஒரு பார்வை மிச்சப்படுத்தும் நேரமும் பணமும் அதிகம். ஆனாலும் பெரும்பாலோர் சிக்கிய தாளைப் பதற்றத்துடன் இழுத்தெடுத்துவிட்டு, சாட்சியத்தையும் அதோடு சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

பேடைத் தேடுவது கடினமல்ல. ஏடிஎஃப் மூடியைத் திறந்தால், தாள் நுழையும் வாயின் நடுவில், ரோலருக்கு எதிரே கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிறு துண்டு தெரியும். ரப்பராகவோ, கார்க்குக் கலந்த பொருளாகவோ, பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் இருக்கும். கைபேசி விளக்கைச் சாய்வாகப் பிடித்து அதைப் பாருங்கள். புதிய பேடு வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு மங்கலாகத் தெரியும். தேய்ந்த பேடின் நடுவில் ரோலரின் அகலத்துக்கு ஒரு பளபளப்பான தடம் இருக்கும். இன்னும் தேய்ந்ததில் அந்தத் தடம் பள்ளமாகவே இறங்கியிருக்கும். விரல் நகத்தை ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்த்தினால் நகம் அந்தப் பள்ளத்தில் இறங்குவது தெரியும். பள்ளம் விழுந்த பேடைத் துடைத்துப் பயனில்லை. அதைத் தாங்கும் வில்லையும் விரலால் அழுத்தி விடுங்கள். உடனே துள்ளி எழ வேண்டும். பேடுக்கு அடியில் கிழிந்த தாள் துண்டு ஒன்று மடிந்து கிடந்து, பேடை எழவிடாமல் பிடித்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு சிறு இடுக்கியால் அதை எடுத்ததும் பழுது தீர்ந்த இயந்திரங்களும் உண்டு.

உங்கள் இயந்திரத்தில் இப்படி ஒரு துண்டு இல்லாமல், ரோலருக்கு எதிரே இன்னொரு சிறிய ரோலர் இருந்தால் அது தடுப்பு ரோலர். வேகமான ஸ்கேனர்களில் இதுதான் இருக்கும். அதன் அச்சில், குறிப்பிட்ட விசை வரை தடுத்து நின்று அதற்கு மேல் வழுக்கிக்கொடுக்கும் ஓர் அமைப்பு உண்டு. விரலால் சுழற்றினால் சீரான இறுக்கம் தெரிய வேண்டும். காற்றாடி போலத் தளர்வாகச் சுற்றினால் அது தன் காலத்தை முடித்துவிட்டது. இவ்வகையில் இழுக்கும் ரோலரையும் தடுப்பு ரோலரையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் முறை; கையேடுகள் இரண்டுக்கும் ஒரே ஆயுளைக் குறிப்பதும் உண்டு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் நான் பார்த்த பழுது உங்களுடையதைப் பெரிதும் ஒத்திருந்தது. அங்கும் ரோலர் புதிது; அங்கும் பழைய வவுச்சர்கள் கொத்தாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒற்றைத் தாள் பத்துக்குப் பத்து முறை போனது. விசிறிய இருபது புதிய தாள்களில் இரண்டு முறை சேர்ந்து போனது. இருபது பழைய வவுச்சர்களில் ஐந்து முறை. பழையவற்றில் நின்றவற்றைத் திறந்து பார்த்தபோது மூன்று முறை படிக்கட்டுப் போலவும், இரண்டு முறை ஓரங்கள் ஒன்றியும் கிடந்தன. அதாவது பேடும் குற்றம், தாளும் குற்றம். பேடை மாற்றினேன். அதன் பிறகு புதிய தாள் நூறும் தனித்தனியாகப் போயின. வவுச்சர்கள் நூறில் இரண்டு முறை மட்டும் சேர்ந்து போனது. இரண்டிலும் ஓரங்கள் ஒன்றியிருந்தன. இரண்டிலும் பின் கழற்றிய இடத்தில் கம்பி இழுத்த பிசிறு ஒரு தாளிலிருந்து அடுத்த தாளின் ஓட்டைக்குள் ஊசி நுழைந்ததைப் போல நுழைந்திருந்தது. அந்த அலுவலகத்துப் பெண் ஊழியர் ஒருவர், நகத்தின் பின்புறத்தால் பின் ஓட்டைகளை ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டு அடுக்கத் தொடங்கினார். அதன் பிறகு நான் இருந்த ஒரு மணி நேரத்தில் ஒரு தாளும் சேர்ந்து போகவில்லை.

பேடு பள்ளமாகாமல் பளபளப்பு மட்டும் ஏறியிருந்தால், மாற்றுவதற்கு முன் ஒருமுறை துடைத்துப் பார்க்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, பிசிறு விடாத துணியைத் தண்ணீரில் நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து பேடையும் ரோலரையும் துடையுங்கள். ரோலரை விரலால் சிறிது சிறிதாகச் சுழற்றி, சுற்றளவு முழுவதையும் துடைக்க வேண்டும். துணியில் சாம்பல் நிற அழுக்கு வருவது நின்ற பிறகுதான் துடைத்ததாகக் கணக்கு. தண்ணீருக்குப் போகாத கறைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளலாம். ஆனால் கையேட்டில் உங்கள் இயந்திரத்துக்கு எது அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். தின்னரும் பெட்ரோலும் நெயில் பாலிஷ் ரிமூவரும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம். துடைத்த பின் பத்து நிமிடம் உலரவிடுங்கள். ரப்பர்ப் பரப்பை வெறும் விரலால் தொடாதீர்கள். விரல் எண்ணெயே வழுக்கலுக்குப் போதும்.

உப்புத்தாள் கொண்டு ரோலரைத் தேய்க்கச் சொல்லும் யோசனை உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளரின் இயந்திரத்தில் அப்படிச் செய்தேன். ஒரு வாரம் நன்றாக இழுத்தது. பிறகு முன்பைவிட மோசமாக வழுக்கியது. தேய்த்த இடம் மற்ற இடத்தைவிடச் சிறுத்துப் போய், தாள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நுழையத் தொடங்கியது. உதிர்ந்த ரப்பர்த் துகள் ஸ்கேன் கண்ணாடியின் குறுகிய பட்டையில் ஒட்டியதால், ஒவ்வொரு படத்திலும் மேலிருந்து கீழ் வரை ஒரு கறுப்புக் கோடும் வந்தது. அந்த ரோலரை என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து இறுகிய ரப்பரை உயிர்ப்பிக்கும் எந்த வித்தையையும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இப்போது தாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் வேலையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புதுப் பேடு வந்த பிறகும் அது போய்விடாது. தாள் காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை உங்கள் ஊரில் தரைமட்டத்து அலமாரியில் கிடக்கும் கோப்பைக் கையில் எடுத்தால், தாள் சலசலக்காமல் துணியைப் போலத் தளர்ந்து தொங்கும். ஓரங்கள் அலை அலையாக நெளிந்திருக்கும். அந்த நிலையில் அதைச் செலுத்த வேண்டாம். அந்த நாளில் ஸ்கேன் செய்ய வேண்டிய கோப்புகளை முந்தைய நாளே எடுத்து, கட்டவிழ்த்து, மின்விசிறியோ குளிர்சாதனமோ உள்ள அறையில் இருபது இருபது தாளாகக் குறுக்கு நெடுக்காக அடுக்கி வைத்துவிடுங்கள். நெளிவு நிற்பதற்காக மேலே ஒரு பேரேட்டை வைக்கலாம். வெயிலில் காயவைக்காதீர்கள்; இஸ்திரிப் பெட்டியையும் எடுக்காதீர்கள். சட்டென்று காய்ந்த தாள் சுருளும். சுருண்ட தாள் பேடின் வாயில் நுழையாமல் முட்டி நிற்கும்.

அடுத்தது, எந்த ஓரத்தை முன்னால் விடுவது என்பது. நம் அலுவலகக் கோப்புகளில் டேக் கயிறு போடுவது மேல் இடது முனையில். பல ஆண்டுகள் புரட்டிப் புரட்டி அந்த முனைதான் கிழிந்தும் மடிந்தும் துளை பெரிதாகியும் இருக்கும். ஸ்டேப்ளர் பின்னும் அங்கேதான். பழக்கத்தால் நாம் தலைப்புப் பகுதியையே முன்னால் விடுகிறோம். அதாவது தாளின் மிகப் பலவீனமான முனையை இயந்திரத்தின் மிகக் குறுகிய இடத்துக்குக் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாகக் கட்டை அப்படியே திருப்பி, கீழ் ஓரம் முன்னால் போகும்படி வையுங்கள். படம் தலைகீழாகத்தான் வரும். ஸ்கேன் மென்பொருளில் 180 பாகை திருப்பும் தேர்வை ஒருமுறை வைத்துவிட்டால் அது தானாக நேராகிவிடும். செலவில்லாத இந்த ஒரு மாற்றத்தால் பழைய கோப்புகளில் சிக்கலும் கிழிசலும் கண்கூடாகக் குறைவதை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.

தட்டில் ஐம்பது தாள் கொள்ளும் என்று இயந்திரத்தின் மேல் எழுதியிருப்பது சீரான புதிய தாளுக்கான கணக்கு. பழைய தாளில் பதினைந்துக்கு மேல் வைக்க வேண்டாம். அடுக்கின் எடையும் உயரமும் கூடக் கூட, தாளுக்கும் தாளுக்கும் இடையே அழுத்தம் கூடும். மூன்று பிடிப்புகளின் வரிசை மறுபடியும் குலையும். பக்கவாட்டு வழிகாட்டிகள் தாளைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இறுக்கினால் தாள் வளையும், தளர்த்தினால் சாயும். ஏ4 தாளும் நீள லீகல் தாளும் சிறிய ரசீதும் ஒரே அடுக்கில் கலந்து போகக் கூடாது. மேலே நீளத் தாளும் அடியில் ரசீதுமாக அடுக்கினால் ரசீது வழிகாட்டியின் துணையில்லாமல் கோணலாக நுழையும்.

சில தாள்களை ஏடிஎஃபில் போடவே கூடாது. ரெவென்யூ ஸ்டாம்பு ஒட்டியவை, புகைப்படம் ஒட்டிய கடன் விண்ணப்பங்கள், பசை நாடாவால் ஒட்டுப் போட்டவை, தட்டச்சுப் படிக்குப் பயன்பட்ட மெல்லிய தாள்கள் ஆகியவற்றைக் கண்ணாடியில் வைத்தே எடுங்கள். கார்பன் இல்லாமல் படியெடுக்கும் ரசீதுத் தாள்களில் உள்ள வேதிப்பூச்சு ரோலரில் படிந்து அதை வழுக்கவைக்கும். பென்சிலால் நிறைய எழுதிய தாள்களும் அப்படித்தான்: கரி ரோலரில் ஒட்டி, பின்வரும் தாளில் பதியும். இவற்றை நூற்றுக்கணக்கில் செலுத்தியே ஆக வேண்டுமென்றால் அன்றைய வேலை முடிந்ததும் ரோலரைத் துடைத்துவிடுங்கள். கிழிந்த தாளுக்கு உங்கள் இயந்திரத்துடன் ஒளிபுகும் உறை கிடைக்குமானால் அதற்குள் வைத்துச் செலுத்தலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. இரண்டு தாள் சேர்ந்து போகும்போது இயந்திரம் எப்போதும் நின்றுவிடுவதில்லை. உள்ளே சேர்ந்தே நுழைந்து சேர்ந்தே வெளியேறினால், அடியில் இருந்த தாளின் பக்கம் படமாகாமல் போய்விடும், யாருக்கும் தெரியாது. கடன் பத்திரத்தில் ஒரு பக்கம் விடுபட்டு, மூலக் கோப்பும் பிறகு அழிக்கப்பட்டால் அந்தப் பக்கம் திரும்பி வராது. சில ஸ்கேனர்களில் இதைக் கண்டுபிடிக்கும் மீயொலி உணரி இருக்கும். தாளின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியலையை விட்டு மறுபக்கத்தில் அது எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். இரண்டு தாள்களுக்கு நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருப்பதால் ஒலி பெரிதும் மங்கிவிடும், இயந்திரம் நிற்கும். புகைப்படமோ ஸ்டாம்போ ஒட்டிய ஒற்றைத் தாளையும் அது இரண்டு என்று எண்ணி நிறுத்தலாம் என்பதால், தொந்தரவு என்று கருதி அந்த வசதியையே அணைத்து வைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. உங்கள் இயந்திரத்தில் அது இருந்தால் அணைக்காதீர்கள். ஒட்டுத்தாள்களைத் தனியே கண்ணாடிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கட்டையும் செலுத்தும் முன் கையால் எண்ணி, அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டு, ஸ்கேன் முடிந்ததும் திரையில் காட்டும் பக்க எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பதினைந்து தாள்களை எண்ண அரை நிமிடம்கூட ஆகாது. நீங்கள் இதுவரை செய்து முடித்த கோப்புகளையும் இந்த வகையில் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

லேசர் பிரிண்டரின் தாள் தட்டிலும் இதே ரோலர், பேடு ஏற்பாடுதான் இருக்கும். மேலே சொன்னவை பெரும்பாலும் அதற்கும் பொருந்தும். அங்கே கூடுதலாக இரண்டைக் கவனிக்கலாம். ஒருமுறை அச்சான தாளின் மறுபக்கத்தைப் பயன்படுத்தும்போது, சூட்டில் காய்ந்து சுருண்ட அந்தத் தாள் இழுபட மறுப்பதும் ஒட்டிக்கொள்வதும் இயல்பு. அதை ரோலரின் பழுது என்று கொள்ள வேண்டாம். தாள்கள் படிக்கட்டாகக் கிடக்காமல், ஒன்று முழுதாகப் போன உடனே அடுத்தது கேட்காமலே பின்தொடர்ந்து வந்தால், ரோலரை ஒரு சுற்றோடு நிறுத்த வேண்டிய சோலினாய்டு என்ற மின்காந்தப் பொறி ஒட்டிக்கொண்டு தாமதமாக விடுகிறது என்று ஐயப்படலாம். அது திருகு கழற்றிச் செய்ய வேண்டிய வேலை. தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.

பேடு வாங்கும்போது இயந்திரத்தின் மாடல் எண்ணைப் பின்புறத்து ஒட்டுத்தாளிலிருந்து எழுத்துப் பிசகாமல் குறித்துக் கொடுங்கள். ஒரே தோற்றம் உடைய இரண்டு மாடல்களுக்குப் பேடின் தடிமன் மாறுவதுண்டு. தடிமன் கூடினால் ஒற்றைத் தாளே போகாமல் கிரீச்சிடும். மாற்றியதும் முதலில் ஒற்றைத் தாள், பிறகு இருபது புதிய தாள், அதன் பிறகே கோப்புத் தாள் என்ற வரிசையில் சோதியுங்கள். அமைப்பில் ரோலர், பேடு ஆகியவற்றின் தாள் கணக்கைக் காட்டும் பகுதி இருந்தால், இரண்டையும் சுழியமாக்கிவிட்டு, மாற்றிய தேதியை ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி ஏடிஎஃப் மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். புதுப் பேடுடன் புதிய தாள் தனித்தனியாகப் போய், கோப்புத் தாள் மட்டும் படிக்கட்டாகச் சேர்ந்து வந்தால், நின்ற நிலையில் அதை ஒரு படம் எடுத்து மாடல் எண்ணுடன் எனக்கு எழுதுங்கள். வில்லின் அழுத்தத்தைப் பற்றி அப்போது பேசுவோம்.